ஒரே புள்ளியாகத் தெரியும் இரண்டு நட்சத்திரங்களின் எடை

ஆரிகா விண்மீன் கூட்டத்தில் பளிச்சென்று தெரிவது கேபெல்லா. அதற்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் மங்கலாக மென்காலினான் இருக்கிறது. பீட்டா ஆரிகே என்றும் சொல்வார்கள். வெறும் கண்ணுக்கு அது ஒரு புள்ளி. வீட்டில் வைத்திருக்கும் தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒரு புள்ளிதான், பெரிய ஆய்வுக்கூடத் தொலைநோக்கியில் பார்த்தாலும் அதே கதைதான். ஆனால் அங்கே இருப்பது இரண்டு நட்சத்திரங்கள். ஒன்றின் எடை சூரியனைப்போல 2.38 மடங்கு, மற்றொன்று 2.29 மடங்கு. இந்த எண்களில் பிழை ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

தனித்தனியாகப் பார்க்கவே முடியாத இரண்டை இவ்வளவு துல்லியமாக எப்படி எடை போட்டார்கள்? இதைப் பற்றித் தேடிப் படித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இரண்டும் ஒன்றையொன்று சுற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள், பிறகு கெப்ளர் விதியைப் போட்டால் எடை வந்துவிடும்." இது எனக்குப் போதவில்லை. நேரத்தை மட்டும் வைத்து எடை வராது என்பது அந்தச் சூத்திரத்தை ஒரு தடவை எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதனால் மென்காலினானையே எடுத்துக்கொண்டு, கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்து கடைசி வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கின் கதை.

முதலில் சூத்திரம். கெப்ளர் கண்டதை நியூட்டன் விரித்து எழுதிய வடிவம் இது:

```
M1 + M2 = a³ / P²
```

இதில் M1, M2 இரண்டும் நட்சத்திரங்களின் எடை, சூரியனை ஒன்று என்று வைத்துக்கொண்டு. a என்பது இரண்டுக்கும் இடையேயான தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு. P என்பது ஒரு சுற்றுக்கு ஆகும் காலம், ஆண்டுகளில். பூமியைப் போட்டுப் பாருங்கள்: தூரம் ஒன்று, காலம் ஒன்று, விடையும் ஒன்று. சூரியனின் எடை வந்துவிட்டது. பூமியின் எடை அதற்குப் பக்கத்தில் ஒரு பொருட்டே இல்லை.

P-ஐ அளப்பது சுலபம். எத்தனையோ சுற்றுகளை எண்ணிப் பார்த்து வகுத்துவிடலாம். பாடு முழுக்க a-வில்தான். நட்சத்திர இணை ஒன்று 4 நாளில் சுற்றுகிறது என்றால், அவை எடை குறைந்தவையாக நெருங்கிச் சுற்றிக்கொண்டிருக்கலாம், எடை அதிகமானவையாகத் தள்ளி நின்றும் சுற்றிக்கொண்டிருக்கலாம். நேரம் இரண்டுக்கும் ஒன்றேதான். எது என்று தெரிய ஒரு நீளம் வேண்டும். அந்த ஒரு நீளத்தை எப்படிப் பெறுவது என்பதுதான் இந்தத் துறையின் முக்கால்வாசி வேலை. அதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழிக்குச் சிரியஸ் நல்ல உதாரணம். 1844-இல் ஜெர்மன் வானியலாளர் பெசல், சிரியஸ் வானத்தில் நேர்கோட்டில் போகாமல் அலைபோல நெளிந்து போகிறது என்று கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்று சொன்னார். 1862-இல் ஆல்வன் கிரகாம் கிளார்க் ஒரு புதிய லென்ஸைச் சோதித்துப் பார்க்கும்போது அந்தத் துணை கண்ணில் பட்டது. இந்த இணையில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும் என்பதால் நேரடியாகவே அளக்கலாம். சுற்றுக்காலம் 50.13 ஆண்டு. சுற்றுப்பாதையின் பெரிய அச்சில் பாதி வானத்தில் கிட்டத்தட்ட 7.5 வினாடிக் கோணம்; ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வினாடிக் கோணம். இது கோணம்தான், நீளம் அல்ல. நீளமாக்க வேண்டுமானால் சிரியஸ் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும்போது சிரியஸ் வானத்தில் அசைவதாகத் தோன்றும் கோணத்தில் பாதி 0.379 வினாடி. முதல் கோணத்தை இரண்டாவதால் வகுத்தால் 19.8 வருகிறது. அதாவது இரண்டுக்கும் இடையே பூமி - சூரியன் தூரத்தைப்போல 19.8 மடங்கு. அதன் கனத்தை 50.13-இன் வர்க்கத்தால் வகுத்தால் 3.08. இரண்டும் சேர்ந்து மூன்று சூரியனுக்கு மேல் கொஞ்சம்.

இந்த வழியில் ஒரு கஷ்டம் உண்டு. தூரத்தில் ஒரு சதவீதம் தவறினால், கனம் எடுப்பதால் எடையில் மூன்று சதவீதம் தவறும். சிரியஸ் 8.6 ஒளியாண்டிலேயே இருப்பதால் பிழைத்தோம். தூரம் போகப் போக, அந்த அசைவுக் கோணமும் சிறுத்துவிடும், இரண்டு நட்சத்திரங்களும் ஒட்டிக்கொண்டு ஒரே புள்ளியாகிவிடும். சுற்றுக்காலம் நூற்றுக்கணக்கான ஆண்டாக இருந்தால், அளக்கத் தொடங்கியவர் ஒரு சுற்று முடிவதைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. அதில் நட்சத்திரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

1889-இல் ஹார்வர்டு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அன்டோனியா மோரி நட்சத்திர நிறமாலைகள் பதிவான கண்ணாடித் தகடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் அங்கே இயக்குநராக இருந்த பிக்கரிங், மைசார் நட்சத்திரத்தின் நிறமாலையில் கால்சியம் பதிக்கும் கே என்ற இருண்ட கோடு சில தகடுகளில் இரண்டாகப் பிரிந்து தெரிகிறது என்று அறிவித்திருந்தார். மோரி அதே விஷயத்தை மென்காலினானிலும் கண்டார். ஒரு தகட்டில் கோடு ஒற்றையாகக் கூர்மையாக இருக்கும். இன்னொன்றில் அதே கோடு இரண்டாக, நடுவில் வெளிச்சம் தெரியும்படி பிரிந்து நிற்கும். ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு முறை இது திரும்பத் திரும்ப நடந்தது.

கோடு ஏன் பிரிகிறது? ஒரு நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் கோடு நீல நிறப் பக்கம் கொஞ்சம் நகரும், விலகிப் போகும்போது சிவப்புப் பக்கம் நகரும். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றும்போது ஒன்று வந்தால் மற்றது போகும். அப்போது கோடு இரண்டாகப் பிரியும். இரண்டும் நம் பார்வைக்குக் குறுக்காக நகரும்போது வருவதும் இல்லை, போவதும் இல்லை. அப்போது இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒரு சுற்றில் இப்படி இரண்டு தடவை பிரியும், இரண்டு தடவை சேரும். ஆக, சுற்றுக்காலம் ஏறக்குறைய நான்கு நாள்.

கே கோடு இருப்பது 393.4 நானோமீட்டரில். மென்காலினானில் அது அதிகபட்சமாகப் பிரியும்போது இடைவெளி சுமார் 0.29 நானோமீட்டர். இந்த இடைவெளியைக் கோட்டின் அலைநீளத்தால் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால், இரண்டு நட்சத்திரங்களின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் வரும்: வினாடிக்குக் கிட்டத்தட்ட 219 கி.மீ. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று 107.5, மற்றது 111.5 என்ற அளவில் முன்னும் பின்னும் போய்வருகிறது. இதை எடுக்கும்போது இன்னும் இரண்டைக் கழிக்க வேண்டும். பூமியே வினாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அது ஒன்று. அப்புறம், இணை முழுவதுமே நம்மை நோக்கி வினாடிக்கு 17, 18 கி.மீ. வந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் சுற்றும் வேகம்.

இப்போது நீளம் தானாகவே வந்துவிடுகிறது. வேகம் தெரியும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் தெரியும். இரண்டையும் பெருக்கினால் சுற்றுப்பாதையின் சுற்றளவு. மென்காலினானின் சுற்றுக்காலம் 3.96 நாள், வினாடியில் 3,42,000-க்குக் கொஞ்சம் மேலே. முதல் நட்சத்திரத்துக்கு 107.5-ஐ இதனால் பெருக்கி 2π-ஆல் வகுத்தால் 58.5 லட்சம் கி.மீ. இரண்டாவதற்கு 60.7 லட்சம் கி.மீ. ஒவ்வொன்றும் பொதுவான நிறை மையத்திலிருந்து அவ்வளவு தள்ளிச் சுற்றுகிறது. இரண்டையும் கூட்டினால் நட்சத்திரங்களுக்கு இடையே 119 லட்சம் கி.மீ. இது புதனுக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இதில் ஒரு சிறு நிபந்தனை: பாதை வட்டமாக இருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். வட்டமா நீள்வட்டமா என்பதை வேகங்களை நேரத்துக்கு எதிராக வரைந்து பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். வட்டமென்றால் ஏற்றமும் இறக்கமும் ஒரே மாதிரி அழகான அலையாக வரும். நீள்வட்டமென்றால் அலை ஒரு பக்கம் கூர்ந்து, மறுபக்கம் தட்டையாகிவிடும். மென்காலினான் விஷயத்தில் அலை சீராகவே இருக்கிறது. நெருங்கிச் சுற்றும் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று இழுத்து இழுத்தே பாதையை வட்டமாக்கிக்கொள்ளும்.

சரி, சூத்திரத்தில் போடலாம். 119 லட்சம் கி.மீ. என்பது பூமி - சூரியன் தூரத்தில் 0.0797. அதன் கனம் 0.000506. சுற்றுக்காலம் 0.01084 ஆண்டு, அதன் வர்க்கம் 0.0001175. வகுத்தால் 4.31. இரண்டும் சேர்ந்து 4.31 சூரியன். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க வேகங்களே போதும். சீசா பலகையில் எடை கூடியவர் நடுக்கட்டைக்கு அருகில் உட்கார்ந்தால்தான் பலகை சமமாக நிற்கும். அதேபோல எடை கூடிய நட்சத்திரம் நிறை மையத்துக்கு அருகில், சிறிய வட்டத்தில், மெதுவாகச் சுற்றும். எனவே 107.5 வேகத்தில் போவதுதான் எடை கூடியது. எடை விகிதம் 111.5-க்கு 107.5. அதாவது ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல்.

இந்த இடத்தில் பௌதிகம் படிக்கும் என் அக்கா மகள் குறுக்கே வந்தாள். "மாமா, ரெண்டு நட்சத்திரமும் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்றீங்க. கோடு சேர்ந்து மறுபடி பிரியும்போது எது எதோட கோடுன்னு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி, அதுவும் மென்காலினானுக்கென்றே கேட்டதுபோன்ற கேள்வி. இரண்டின் நிறமாலையும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு கோடுகள் சேர்ந்து பிரிந்தபின் ஆளை மாற்றிப் பெயர் கொடுத்துவிட்டால், ஒரு நட்சத்திரம் எப்போதும் நம்மை நோக்கியே வருவதுபோலவும், மற்றது எப்போதும் விலகியே போவதுபோலவும் ஒரு படம் வரும். சுற்றுக்காலமும் பாதியாகி 1.98 நாள் என்று தோன்றும். காப்பாற்றுவது இரண்டு சின்ன வித்தியாசங்கள். ஒன்றின் கோடுகள் மற்றதைவிடக் கொஞ்சம் ஆழமாக இருக்கும், ஏனென்றால் அது சற்றே பெரியது, பிரகாசமும் கூடுதல். அப்புறம், 107.5-க்கும் 111.5-க்கும் உள்ள அந்த 4 கி.மீ. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அப்போ ரெண்டும் சுத்தமா ஒண்ணா இருந்திருந்தா?" என்றாள். அப்போதும் பிழைக்க வழி உண்டு: இரண்டும் ஒன்றேயென்றால் ஆள் மாறினாலும் எடை மாறப்போவதில்லையே, காலத்தை மட்டும் இரட்டிப்பாக எடுத்துக்கொண்டால் போதும்.

காலத்தை அளப்பது சுலபம் என்று மேலே எழுதிவிட்டேன். அதில் ஏமாந்தவர்களும் உண்டு. மைசாருக்கு பிக்கரிங் முதலில் சொன்ன சுற்றுக்காலம் 104 நாள். 1901-இல் ஜெர்மன் வானியலாளர் ஃபோகல் நெருக்கமாக எடுத்த தகடுகளை வைத்துப் பார்த்தபோது அது 20.6 நாள் என்று தெரிந்தது. தகடுகள் இடைவெளி விட்டு எடுக்கப்பட்டால், நடுவில் எத்தனை சுற்று போயிற்று என்பது தெரியாமல் போகும். 104 நாளில் நடந்தது ஒரு சுற்றா, ஐந்து சுற்றா என்று தகடு சொல்லாது. மைசாரின் பாதை நன்றாக நீண்ட நீள்வட்டம் என்பதால் கோடுகள் பிரியும் நேரங்களும் சீராக இல்லை, குழப்பம் அதிகமாகியிருக்கும். காலத்தில் ஐந்து மடங்கு பிழை என்றால் எடையிலும் ஐந்து மடங்கு பிழை. வேகமும் காலமும் சேர்ந்துதான் நீளத்தைத் தருகின்றன என்பதால், கணக்கை முழுக்க எழுதினால் எடை காலத்தின் நேர் விகிதத்தில் வரும்.

சுற்று எண்ணிக்கையில் குழப்பம் தீர்ந்துவிட்டால் அதன்பின் காலம் கூர்மையாகிக்கொண்டே போகும். நூறு ஆண்டில் மென்காலினான் சுமார் 9,220 சுற்று முடித்துவிடுகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் பத்து நிமிடம் முன்னே பின்னே தவறினால்கூட, ஒரு சுற்றுக்கு வரும் பிழை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். அந்த அளவுக்குப் போகும்போது, பூமி தன் பாதையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக்கூடப் பார்க்க வேண்டும். நட்சத்திரத்துக்கு அருகே இருக்கும் மாதத்தில் ஒளி எட்டு நிமிடம் வரை முந்தி வரும், ஆறு மாதம் கழித்து அதே அளவு பிந்தி வரும். எல்லா நேரங்களையும் சூரிய மண்டலத்தின் நடுவில் இருந்து பார்த்ததுபோலத் திருத்திக்கொண்டுதான் கணக்கில் சேர்ப்பார்கள். இது தவறினால் சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைவதுபோலத் தோன்றும். ஆண்டுக்கணக்கில் வரும் எந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தாலும் முதலில் பூமியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆக, 4.31 சூரியன். ஆனால் மேலே நான் கொடுத்த எண்களைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு உறுத்தியிருக்கும்: 2.38-ம் 2.29-ம் சேர்ந்தால் 4.67 அல்லவா? மீதி எங்கே போயிற்று?

அது சாய்வில் இருக்கிறது. நிறமாலைக் கோடு நகர்வது நம்மை நோக்கி வரும் வேகத்துக்கும், நம்மை விட்டு விலகும் வேகத்துக்கும் மட்டும்தான். குறுக்காகப் போகும் வேகம் அதில் தெரியாது. சுற்றுப்பாதையை நாம் சரியாக விளிம்பிலிருந்து பார்த்தால் முழு வேகமும் கோட்டில் தெரியும். பாதை சாய்ந்திருந்தால் ஒரு பகுதிதான் தெரியும். மேலேயிருந்து நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, கோடு அசையவே அசையாது. மேலேயிருந்து பார்ப்பதை 0 பாகை, விளிம்பிலிருந்து பார்ப்பதை 90 பாகை என்று வைத்துக்கொண்டு, சாய்வு i என்றால் நமக்குக் கிடைப்பது உண்மையான வேகத்தில் sin i பங்கு. எடையில் வேகத்தின் கனம் வருவதால், நாம் கண்ட 4.31 என்பது உண்மையான எடையை sin³ i-ஆல் பெருக்கினால் வருவது. எனவே அது குறைந்தபட்ச எடை மட்டுமே. சாய்வு 60 பாகையாக இருந்தால் உண்மையான எடை 6.6 சூரியன். 30 பாகையென்றால் எட்டு மடங்கு, 34-க்கும் மேல். கோடுகளை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் இந்த ஒரு கேள்விக்கு அவை பதில் சொல்லாது. நிறமாலையில் மட்டும் தெரியும் எத்தனையோ இணைகள் இந்த இடத்திலேயே நின்றுபோயிருக்கின்றன.

மென்காலினானைக் காப்பாற்றியது கிரகணம். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜோயல் ஸ்டெபின்ஸ், செலினியம் மின்கலத்தை வைத்து நட்சத்திர ஒளியை அளந்துகொண்டிருந்தார். கண்ணால் பார்த்து ஒப்பிட்டவர்களுக்குப் பிடிபடாத சிறு மாற்றங்கள் அந்தக் கருவியில் தெரிந்தன. மென்காலினானின் ஒளி ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஏழெட்டு சதவீதம் குறைகிறது என்று கண்டார். அதுவும் சரியாக, நிறமாலைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நேரத்தில். ஒரு நட்சத்திரம் மற்றதன் விளிம்பை உரசிக்கொண்டு கடக்கிறது.

கிரகணம் நடக்கிறது என்ற ஒரு செய்தியே சாய்வை எவ்வளவு நெருக்கிவிடுகிறது என்று பாருங்கள். இரண்டு நட்சத்திரங்களின் ஆரங்களையும் கூட்டினால் 5.3 சூரிய ஆரம். இடையே உள்ள தூரம் சுமார் 17.6 சூரிய ஆரம். ஒன்று மற்றதைத் தொட்டாவது மறைக்க வேண்டுமென்றால் சாய்வு 72 பாகைக்கு மேல் இருந்தாக வேண்டும், அதிகபட்சம் 90. இந்த எல்லைக்குள் sin³ i அதிகம் மாறாது. மொத்த எடை 4.3-க்கும் 5-க்கும் இடையில் அடங்கிவிடுகிறது. மீதி வேலையைக் கிரகணத்தின் வடிவம் செய்யும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது (இங்கே சுமார் 6 மணி நேரம்), இறங்கும் சரிவு எப்படி என்பவற்றை மாதிரிக் கணக்கோடு பொருத்தினால் ஆரங்களும் சாய்வும் சேர்ந்தே கிடைக்கும். மென்காலினானுக்குச் சாய்வு 77 பாகையை ஒட்டி வருகிறது. 76.8 என்று போட்டால் sin³ i 0.923. 4.31-ஐ அதனால் வகுத்தால் 4.67. அதை 111.5-க்கு 107.5 என்று பங்கு போட்டால் 2.38, 2.29. இந்த இடத்தில் கால்குலேட்டரை வைத்துவிட்டு ஒரு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

காகிதத்தில் இது சுலபம். வானத்தில் மென்காலினானின் கிரகணத்தைப் பிடிப்பது ஒரு தனி அவஸ்தை. காரணம் அந்த 3.96 நாள். நான்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கிரகணங்களுக்கு இடையே 47 மணி 31 நிமிடம். இன்று இரவு 10 மணிக்குக் கிரகணத்தின் நடுப்பகுதி என்றால் நாளை மறுநாள் 9.31-க்கு, அதற்கு அடுத்தது 9.02-க்கு. இப்படி அரை மணி அரை மணியாக முன்னால் நகர்ந்து, சில வாரத்தில் பகலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு அது இரவுக்குத் திரும்ப ஏறக்குறைய ஐம்பது நாள். ஒரே இடத்திலிருந்து பார்ப்பவர் முழுச் சுற்றையும் ஒரு பருவத்தில் பார்த்து முடிப்பது கஷ்டம். போதாததற்கு நட்சத்திரம் பிரகாசமானது என்பதால் பெரிய தொலைநோக்கியின் கருவிகள் திணறும், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே சம ஒளியுள்ள நட்சத்திரமும் கிடைப்பது அரிது. ஏழெட்டு சதவீத மாற்றத்தை அரை சதவீதத் துல்லியத்தில் அளந்தால் சாய்வு தெளிவாக வராது.

இதற்கு விடிவு வந்தது வயர் என்ற செயற்கைக்கோளால். 1999-இல் நாசா அதை அகச்சிவப்பு ஆய்வுக்காக அனுப்பியது. போன சில நாளிலேயே கருவியைக் குளிரவைக்கும் ஹைட்ரஜன் முழுக்க வெளியேறிப் போனது, முக்கிய வேலை அதோடு முடிந்தது. ஆனால் செயற்கைக்கோள் தன் திசையைத் தெரிந்துகொள்ள வைத்திருந்த 52 மி.மீ. அளவுள்ள சின்னத் தொலைநோக்கி நன்றாகவே இருந்தது. அதைப் பிரகாசமான நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார்கள். மேகம் இல்லை, பகல் இல்லை. 2006-இல் மூன்று வாரம் மென்காலினானை விடாமல் பார்த்து அது சேர்த்த ஒளி வளைகோட்டை வைத்து 2007-இல் வெளியான ஆய்விலிருந்துதான் 2.38, 2.29 என்ற எண்கள் வருகின்றன. கைவிடப்பட்ட ஒரு கருவியின் வழிகாட்டிக் குழலுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஒரு சதவீதப் பிழை எங்கிருந்து வருகிறது? காலத்திலிருந்து அல்ல. சாய்விலிருந்தும் அதிகம் அல்ல, 77 பாகை பக்கத்தில் ஒரு பாகை தவறினாலும் எடையில் ஒரு சதவீதம்தான் மாறும், வயரின் வளைகோடு அதைவிடக் கூர்மையாகவே சாய்வைச் சொல்லிவிட்டது. மிச்சம் வேகத்தில் இருக்கிறது. கோடுகள் முழுக்கப் பிரிந்திருக்கும்போது ஒவ்வொன்றின் நடுவையும் குறித்துக்கொள்ளலாம். பாதி ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்றின் சரிவு மற்றதன்மேல் ஏறி, இரண்டு நடுப்புள்ளிகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்துவிடும். அளந்தவருக்கு வேகம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஒரு சதவீதம் குறைந்தால் எடை மூன்று சதவீதம் குறையும். இப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அளந்த வேகத்துக்கும் பொருத்திய அலைக்கும் உள்ள வித்தியாசங்களைத் தனியாக வரைந்து பார்க்க வேண்டும். அவை தாறுமாறாகச் சிதறியிருந்தால் கவலையில்லை. கோடுகள் ஒட்டும் நேரங்களில் மட்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கலப்பு நடந்திருக்கிறது என்று பொருள். இன்னொரு சோதனை, இரண்டு நட்சத்திரங்களின் அலைகளும் ஒரே நடுக்கோட்டைச் சுற்றி ஆடுகின்றனவா என்று பார்ப்பது. இணை முழுவதும் நம்மை நோக்கி வரும் வேகம் இரண்டுக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் கோடு கோடாக அளப்பதை விட்டுவிட்டார்கள். சுற்றின் பல கட்டங்களில் எடுத்த நிறமாலைகள் அனைத்தையும் ஒன்றாக வைத்து, ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் நகரும் இரண்டு நிறமாலைகளின் கூட்டல்தான் இவை எல்லாம் என்று எடுத்துக்கொண்டு கணினியில் பிரித்துவிடுகிறார்கள். கலப்பு அதில் தானாகவே கழிந்துவிடும்.

நட்சத்திரத்தின் தூரம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனால் கிடைக்கும் வசதி, தூரத்தை வைத்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கலாம். சாய்வைத் திருத்தியபின் இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையே 122.5 லட்சம் கி.மீ. மவுண்ட் வில்சனில் இருந்த மார்க் 3 என்ற ஒளிக் குறுக்கீட்டுக் கருவி, தள்ளித் தள்ளி வைத்த கண்ணாடிகளின் ஒளியைச் சேர்த்து, இந்த இணையைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. அந்த ஆய்வு 1995-இல் வெளியானது. இரண்டுக்கும் இடையே கிடைத்த கோணம் ஒரு வினாடிக் கோணத்தில் ஆயிரத்தில் மூன்றே சொச்சம் பங்கு. நீளத்தைக் கோணத்தால் வகுத்தால் தூரம் 81 ஒளியாண்டு பக்கத்தில் வருகிறது. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள், பூமியின் சுற்றால் வரும் அசைவை மட்டும் வைத்துத் தனியாக அளந்த தூரமும் 81, 82 ஒளியாண்டு. நிறமாலைக் கோடு, கிரகணம், குறுக்கீட்டுக் கருவி, அசைவுக் கோணம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவைகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. எடையில் பெரிய தவறு ஏதாவது இருந்திருந்தால் இங்கே வெளியே தெரிந்திருக்கும்.

துணையே இல்லாத நட்சத்திரத்துக்கு இந்த வழி எதுவும் கைகொடுக்காது. வானத்தில் மிகப் பிரகாசமானவற்றில் ஒன்றான வேகா, மென்காலினான் ஜோடியைப்போலவே ஏ என்ற நிறமாலை வகையைச் சேர்ந்தது. அதைச் சுற்றி வரும் இன்னொரு நட்சத்திரம் எதுவும் தெரியவில்லை. அதன் எடை இரண்டு சூரியனுக்குச் சற்று மேல் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். அதன் ஒளியையும் வெப்பத்தையும் பார்த்து, நட்சத்திர உள்ளமைப்பு மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. அந்த மாதிரிகள் சரியா என்று சோதிப்பது மென்காலினான் போன்ற இணைகளை வைத்துத்தான்.